ஆக்சுவரியல் தேர்வுகளில் கணக்கில் வல்லவர்கள் செய்யும் தவறுகள்

சென்னைக் கல்லூரிகளில் கணிதத்திலும் புள்ளியியலிலும் முதல் வரிசையில் நிற்கும் மாணவர்கள், காப்பீட்டு ஆபத்துகளைக் கணக்கிடும் ஆக்சுவரி ஆவதற்கான தேர்வுகளுக்கு வரும்போது, எங்கள் தலைமுறையினர் செய்த அதே தவறுகளைச் செய்வதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். சூத்திரத்தை மறப்பது, நேரம் போதாமல் திணறுவது போன்றவற்றைப் பற்றி எல்லோரும் எச்சரித்துவிடுவதால், அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

நுழைவுத் தேர்வையே தகுதியாக எண்ணுவது

ஏ.சி.இ.டி. என்ற நுழைவுத் தேர்வில் தேர்ச்சி, இந்திய ஆக்சுவரிகள் கழகத்தில் மாணவர் உறுப்பினராகச் சேர வழி திறக்கிறது; அதற்குமேல் அதில் எதுவும் இல்லை.

கணினித் தாளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். 2019 பாடத்திட்டத்தின்படி புள்ளியியல் சார்ந்த சி.எஸ்.1, சி.எஸ்.2, கணிதம் சார்ந்த சி.எம்.1, சி.எம்.2 ஆகிய நான்கு பாடங்களுக்கும் இரண்டிரண்டு தாள்கள் உண்டு. 'ஏ' தாள் எழுத்துத் தேர்வு. அதன் பங்கு 70%. 'பி' தாள் கணினியில் செய்வது; சி.எஸ். பாடங்களுக்கு ஆர் என்ற நிரல் மொழியிலும், சி.எம். பாடங்களுக்கு எக்செலிலும் நடக்கும் அந்தத் தாளின் பங்கு 30%. தேர்ச்சி மதிப்பெண் 60 என்று வைத்துக்கொள்வோம். 'ஏ' தாளில் 70 வாங்கியவருக்கு அதிலிருந்து 49 சேரும். அவரே 'பி' தாளில் 30 வாங்கினால் 9 மட்டுமே சேர்ந்து, மொத்தம் 58-இல் நின்றுவிடும். நன்றாக எழுதிய தாளும் சேர்ந்து வீணாகி, பாடம் முழுவதையும் அடுத்த அமர்வில் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

மதிப்பெண் இழப்பைவிட எனக்குக் கவலை தருவது, இந்தப் பழக்கம் வேலைக்கும் கூடவே வருவதுதான். தேற்றங்களைப் பிழையின்றி நிறுவும் ஒரு மாணவரிடம் பயிற்சிக்காக ஒரு கணக்கைக் கொடுத்தேன். வாகனக் காப்பீட்டில் இளையோர் பாலிசிகள் 200, மூத்தோர் பாலிசிகள் 200. இளையோரிடமிருந்து 20 கிளெய்ம்களும் மூத்தோரிடமிருந்து 30 கிளெய்ம்களும் வந்திருக்கின்றன. ஆனால் இளையோர் பாலிசிகள் ஆண்டின் நடுவில் எடுக்கப்பட்டவை என்பதால், ஒவ்வொன்றும் அரை ஆண்டு மட்டுமே நடப்பில் இருந்தது. எந்தப் பிரிவுக்கு ஆபத்து அதிகம் என்பதே கேள்வி.

அவர் கிளெய்ம் எண்ணிக்கையை அப்படியே பாய்சான் மாதிரியில் போட்டு, இளையோரின் விகிதம் மூத்தோரைப்போல் 0.67 மடங்கு என்று எழுதிவிட்டு, "இளையோருக்குப் பிரீமியத்தைக் குறைக்கலாம், சார்" என்றார். பாலிசி நடப்பில் இருந்த காலத்தை, அதாவது எக்ஸ்போஷரை, அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. இளையோருக்கு அது 100 பாலிசி ஆண்டுகள், மூத்தோருக்கு 200. அதைச் சேர்த்துச் செய்ய வேண்டிய முறை இது:

```r
group <- factor(c("older", "young"))
claims <- c(30, 20)
exposure <- c(200, 100)
m <- glm(claims ~ group + offset(log(exposure)),
         family = poisson)
summary(m)
```

இப்போது இளையோரின் விகிதம் ஆண்டுக்கு 0.20, மூத்தோருடையது 0.15. கெழு 0.288, அதை அடுக்குக்குறியாக்கினால் 1.33 மடங்கு கிடைக்கிறது. முடிவு தலைகீழாகிவிட்டது. முதல் மாதிரியும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் ஓடியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்: தவறைக் கணினி காட்டித் தராது. கிளெய்ம்களை எக்ஸ்போஷரால் கையால் வகுத்து, மாதிரி தரும் விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கே அது தெரியவரும்.

திருத்திய பிறகு அவர், "அப்படியானால் இளையோருக்குத்தான் ஆபத்து அதிகம்" என்று எழுதினார். அதுவும் பொருந்தாது. கெழுவின் திட்டப் பிழை 0.289, ஏறக்குறைய கெழுவின் அளவே இருக்கிறது. மடங்குக்கான 95% நம்பிக்கை இடைவெளி 0.76 முதல் 2.35 வரை நீள்வதால், 1 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு உண்டு என்று சொல்ல இந்த 50 கிளெய்ம்கள் போதா என்பதே எழுத வேண்டிய விடை. 'பி' தாளில் இப்படி வெளியீட்டைப் படித்து இரண்டு வாக்கியங்களில் விளக்குவதற்கும் மதிப்பெண் உண்டு. நிரலை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அதை அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே சி.எஸ்.1 பாடத்தில் ஒரு அத்தியாயத்தைக் காகிதத்தில் முடிக்கும் அன்றே, அதிலுள்ள ஒரு கணக்கையாவது ஆர் மொழியில் போட்டு, கையால் கண்ட விடையோடு ஒத்துப்பார்த்து, முடிவைச் சொற்களிலும் எழுதி வைக்க வேண்டும். பிறகு சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைத்தவர்களில் பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை.

ஒரே அமர்வில் நான்கு பாடங்கள்

வேண்டாம். சி.எஸ்.1 தெளியாமல் சி.எஸ்.2 நிற்காது, அந்த இரண்டையும் சேர்த்து எழுதுவது பயனற்றது.

வேலையைத் தள்ளிப்போட்டுத் தாள்களை மட்டும் சேர்ப்பது

ஏழெட்டுப் பாடங்களை முடித்துவிட்டு, நிறுவனத்தில் ஒரு நாள்கூட வேலை பார்க்காமல் நேர்முகத்துக்கு வருகிறவரைத் தொடக்கநிலைப் பணியில் அமர்த்தப் பலரும் தயங்குகிறார்கள். பாடங்களின் எண்ணிக்கைக்கேற்ற சம்பளத்தை அவர் எதிர்பார்ப்பார், வேலையோ இனிமேல்தான் கற்றுத்தரப்பட வேண்டும். பின்னால் வரும் சி.பி., எஸ்.பி., எஸ்.ஏ. என்ற நடைமுறை, சிறப்புத் துறைத் தாள்களும் இருப்புநிதி எப்படிக் கணக்கிடப்படுகிறது, பிரீமியம் எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்பதை அலுவலகத்தில் பார்த்தவர்களுக்கே எளிதில் பிடிபடுகின்றன. இரண்டு மூன்று பாடங்கள் தேறியதுமே விண்ணப்பிக்கத் தொடங்குவது நல்லது.