ஒன்பது வோல்ட் பற்றரிக்குள் இருந்த ஆறாவது கலம்

உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டில், மகளின் வயலின் பயிற்சிக்கான சிறிய ஒலிபெருக்கி சில நிமிடங்களிலேயே கரகரத்து அடங்கிவிடும். பற்றரியைக் கழற்றி அளந்தபோது 8.1 வோல்ட் இருந்ததால் அது நல்லதென்றே நம்பினேன். ஆனால் ஒலிபெருக்கி இயங்கும்போது அளந்தால் 5.6 வோல்ட்தான்.

கையுறை அணிந்து தகர உறையின் மடிப்பைக் குறட்டால் விரித்தேன். கசிந்திருந்தால் உள்ளிருக்கும் காரம் தோலைப் புண்ணாக்கும். உள்ளே சிறுவிரலிலும் மெல்லிய ஆறு கலங்கள், ஒவ்வொன்றும் 1.5 வோல்ட் தரும்படி தொடராக இணைக்கப்பட்டிருந்தன. தொடரில் மின்னழுத்தம் கூடும், கொள்ளளவு கூடாது. எனவே முழுப் பற்றரியின் கொள்ளளவும் ஒரு சிறு கலத்தினுடையதே, ஏறத்தாழ 500 மில்லியம்பியர் மணி.

சுமையோடு தனித்தனியே அளந்தபோது ஐந்து கலங்கள் 1.2 வோல்ட் காட்ட, ஆறாவது கலம் மைனஸ் 0.4 காட்டியது. முதலில் தீர்ந்த அக்கலத்தினூடாக மற்றவை மின்னோட்டத்தைத் தள்ளியதால் அதன் முனைவு புரண்டிருந்தது. கசிவும் பெரும்பாலும் இப்படிப்பட்ட கலத்தில்தான் தொடங்கும்.

ஆறு ஏஏ அல்கலைன் கலங்களைத் தாங்கியொன்றில் தொடராக இணைத்து, பழைய பற்றரியின் இணைப்பு மூடியைப் பற்றவைத்தேன். அம்மூடியை ஒலிபெருக்கியின் இணைப்பு முனைகளுடன் பொருத்தும்போது நேர், எதிர் மாறித் தோன்றுமென்பதால், வெளிவரும் முனைவை மீற்றரால் சரிபார்த்த பின்பே ஒலிபெருக்கியில் மாட்டினேன். மின்னழுத்தம் அதே 9 வோல்ட்; கொள்ளளவு நான்கு மடங்குக்கு மேல்.