போனில் கார் சாவி: கொடுப்பது இரண்டு நிமிடம், திரும்ப வாங்குவதில்தான் விஷயம்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் தேதி குறித்த வாரத்தில் நான் பெங்களூரில் மாட்டிக்கொண்டேன். கார் மேலூர் வீட்டில். ஒரு சாவி என் பையில், இன்னொன்று பீரோவில், பீரோ சாவியும் என் பையில். அக்கா மகனுக்கு லைசென்ஸ் இருக்கிறது, கையில் நல்ல போனும் இருக்கிறது. போன் வழியாகவே அவனுக்குச் சாவி அனுப்பினேன். அதை அனுப்பியது, அவன் ஓட்டியது, பிறகு நான் அதைப் பறித்தது, மூன்றையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

கார் கம்பெனி ஆப்பில் 'அன்லாக்' பட்டன் இருக்கிறதே, அது டிஜிட்டல் சாவி இல்லை. அந்தக் கட்டளை இன்டர்நெட் வழியாக கம்பெனி சர்வருக்குப் போய், அங்கிருந்து காருக்குள் இருக்கும் சிம்முக்கு வருகிறது. சிக்னல் இல்லாத பேஸ்மென்டில் அது வேலை செய்யாது.

டிஜிட்டல் சாவி என்பது போனுக்குள் பூட்டி வைக்கப்பட்ட ஒரு ரகசியக் குறி. போனைக் கதவின் கைப்பிடியில் ஒட்டினாற்போல் காட்டினால், என்எஃப்சி என்ற, மிக அருகில் மட்டும் எட்டும் ரேடியோ அலை வழியாக போனும் காரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். இன்டர்நெட் தேவையில்லை. இந்தியாவில் 2024 அல்கஸார், கிரெட்டா எலெக்ட்ரிக் போன்ற வண்டிகளின் மேல் வேரியன்ட்களில் இந்த வசதி வந்திருக்கிறது. உங்கள் காரில் உண்டா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். கைப்பிடியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

உங்கள் போனில் சாவியை ஏற்றுவது

இதைச் சிக்னல் உள்ள இடத்தில், காருக்குள் உட்கார்ந்து செய்யுங்கள். கையில் நிஜச் சாவி இருக்க வேண்டும், சில கார்கள் இரண்டு சாவியையும் கேட்கும். கார் திரையின் செட்டிங்ஸில் டிஜிட்டல் சாவி என்ற பகுதியைத் திறந்து, கம்பெனி ஆப்பிலும் அதையே தொடங்கினால், போனை வயர்லெஸ் சார்ஜிங் தட்டில் வைக்கச் சொல்லும். வைத்துவிட்டுக் கை எடுத்துவிடுங்கள். பாதியில் எடுத்துப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. முடிந்ததும் போனின் வாலட்டில் காருக்கென்று ஓர் அட்டை வந்து நிற்கும்.

அனுப்புவது

வாலட்டில் அந்த அட்டையைத் திறந்து, பகிரும் பட்டனைத் தட்டினால் இரண்டு விஷயம் கேட்கும். ஒன்று, எந்த அளவுக்கு அனுமதி: கதவு திறக்க மட்டுமா, ஓட்டவுமா. இன்னொன்று, எதன் வழியாக அனுப்புவது. நான் வாட்ஸ்அப்பில் அவனுக்கு மட்டும் அனுப்பினேன். குடும்ப குரூப்பில் போடவே கூடாது. அந்த லிங்க் ஒரு போனுக்குத்தான் செல்லும், முதலில் தட்டுகிற சித்தப்பாவுக்குச் சாவி போய்விடும். பாதுகாப்புக்கு ஓர் எண் வைக்கச் சொன்னால், அதை அதே மெசேஜில் எழுதாமல் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும் அனுப்பலாம். ஆனால் வாங்குகிற போன் கார் சாவியை ஏற்கும் மாடலாக இருக்க வேண்டும். ஜிபேயில் தட்டிப் பணம் கட்ட முடிகிறது என்பதற்காக இதுவும் வரும் என்று சொல்ல முடியாது.

சில கார்களில் 'இந்தத் தேதி வரை' என்று குறிக்க ஒரு கட்டம் வரும். என் காரில் வரவில்லை. அப்படியானால் 'தற்காலிகம்' என்பது நம் வாய்வார்த்தைதான். நாமாக எடுக்கும் வரை சாவி அவர்களிடமே இருக்கும். போனிலேயே ஒரு ரிமைண்டர் போட்டு வையுங்கள். வாங்கியவர் அதை இன்னொருவருக்கு அனுப்ப முடியாது என்பது ஒரு நிம்மதி.

மறுநாள் காலை ஆறரைக்கு அழைப்பு. "மாமா, கதவு தெறந்துருச்சு, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. அம்மாச்சி வேற உள்ள உக்காந்துருச்சு."

"போன் எங்கடா வச்சிருக்க?"

"சட்டைப் பையில."

என்எஃப்சி சில சென்டிமீட்டர் தூரம்தான் எட்டும். சட்டைப் பையில் இருக்கும் போனைக் காருக்குத் தெரியாது. அதைச் சார்ஜிங் தட்டில் வைத்து, பிரேக்கை மிதித்து, பட்டனை அழுத்த வேண்டும். அவன் போன் கவருக்குப் பின்னால் காந்த வளையம் வேறு, அதைக் கழற்றியதும்தான் கிளம்பியது. முதல் தடவை ஸ்டார்ட் செய்ய நிஜச் சாவி கேட்கும் கார்களும் உண்டு. அதனால் ஊருக்குக் கிளம்பும் முன்பே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்ப எடுப்பது

அதே அட்டையில், யார் யாரிடம் சாவி இருக்கிறது என்ற பட்டியலுக்குப் போய், பெயரைத் தட்டி, அனுமதியை நீக்க வேண்டும். அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் பெயர் மறையவில்லை, 'நீக்கப்படுகிறது' என்று சாம்பல் நிறத்தில் நின்றது.

காரணம் இதுதான். கதவைத் திறக்கும்போது கார் யாரையும் கேட்பதில்லை, தன்னிடம் உள்ள பட்டியலைத்தான் பார்க்கிறது. நாம் நீக்கிய செய்தி காருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பட்டியல் மாறும். அன்று கார் கூடல்நகரில் அக்கா வீட்டு அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் நின்றது, அங்கே சிக்னல் கிடையாது. வாங்கியவர் போனுக்கும் நீக்கும் செய்தி போகும், அது இன்டர்நெட்டில் இருந்தால் சாவி அங்கேயே அழிந்துவிடும். இரண்டும் தொடர்பில் இல்லாவிட்டால்?

சரி, பார்த்துவிடலாம் என்று மருமகனைப் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு முயலச் சொன்னேன். நான் நீக்கி இருபது நிமிடம் கழித்தும் கதவு திறந்தது, வண்டியும் கிளம்பியது. மேலே ரோட்டுக்கு வந்ததும் காருக்குச் சிக்னல் கிடைத்து, என் திரையில் அவன் பெயர் மறைந்தது. ஆனாலும் ஓடிக்கொண்டிருந்த வண்டி நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. டீக்கடை வாசலில் அணைத்தான், அப்புறம் அவன் போனுக்குக் கார் அசையவில்லை. அவசரமாக மறுபடி ஒரு சாவி அனுப்பி அவனை வீட்டுக்கு வரவைத்தேன்.

ஆக, நீக்கியது உறுதியா என்று தெரிய இரண்டு வழி: உங்கள் பட்டியலில் பெயர் முழுதாக மறைந்திருக்க வேண்டும், காரின் திரையில் உள்ள பட்டியலிலும் இருக்கக் கூடாது. பழைய டிரைவர், கோபித்துக்கொண்டு போன பங்காளி என்று அவசரமாக நீக்க வேண்டியவர் என்றால் சிக்னலுக்குக் காத்திருக்காதீர்கள். நிஜச் சாவியோடு காருக்குப் போய், கார் திரையிலிருந்தே அழியுங்கள். அதற்கு நெட்வொர்க் தேவையில்லை. காரை விற்கும்போதும் இப்படியே எல்லாச் சாவியையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

போனே தொலைந்தால், ஐபோனில் 'ஃபைண்ட் மை' வழியாகத் தொலைந்ததாகக் குறித்தால் சாவி முடங்கும். போனில் சார்ஜ் தீர்ந்தால், புதிய ஐபோன்களில் அதிகபட்சம் 5 மணி நேரம் சாவி வேலை செய்யும். காரின் 12 வோல்ட் பேட்டரியே இறங்கிவிட்டால் எந்தப் போனும் உதவாது, நிஜச் சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவிதான் கதவைத் திறக்கும்.

பீரோ சாவியை இப்போது அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.