கட்-ஆஃபுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: உதவித்தொகையின் பலனை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு, அதாவது என்.எம்.எம்.எஸ். எழுதிய இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். மனத்திறன் தாளில் 90 கேள்வி, படிப்புத்திறன் தாளில் 90 கேள்வி, மொத்தம் 180 மதிப்பெண். ஒருத்தி 104 வாங்கினாள், இன்னொருத்தி 103. அவர்கள் பிரிவுக்கு அந்த ஆண்டு கட்-ஆஃப் 104 என்று வைத்துக்கொள்வோம். முதல் பெண்ணுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். இரண்டாவது பெண்ணுக்கு எதுவும் இல்லை.

இவர்கள் இருவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருக்க முடியாது. ஓ.எம்.ஆர். தாளில் ஏதோ ஒரு கேள்விக்குக் குத்துமதிப்பாக நிரப்பிய ஒரு வட்டம்தான் வித்தியாசம். இப்படி கட்-ஆஃப் கோட்டை ஒட்டி மேலே நின்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளையும் ஒட்டிக் கீழே நின்றவர்களையும் எடுத்து, யார் பிளஸ் டூ வரை போனார்கள் என்று பார்த்தால், கோட்டில் தெரிகிற தாவல் உதவித்தொகையின் வேலை என்று சொல்லலாம். இதுதான் ரெக்ரஷன் டிஸ்கன்டினியூட்டி, சுருக்கமாக ஆர்.டி. அமெரிக்காவில் நேஷனல் மெரிட் தேர்வு எழுதிய மாணவர்களை வைத்து திஸில்த்வெய்ட், கேம்ப்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1960-இல் இதை முதலில் செய்து காட்டினார்கள்.

கணக்கு எளிது. தவறுகள் பெரும்பாலும் கணக்கில் நடப்பதில்லை, அந்தக் கோட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இறங்குவதால் நடக்கின்றன. ஒரே உதாரணத்தை எடுத்து, எண் எப்படி மாறிக்கொண்டே போகிறது என்று பார்ப்போம். இதில் வரும் சதவீதங்களும் 104 என்ற கட்-ஆஃபும் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

முதல் எண் எல்லாருக்கும் கைக்கு எட்டுவது. தேர்வானவர்களில் 95 சதவீதம் பேர் பிளஸ் டூ முடித்தார்கள், தேர்வாகாதவர்களில் 70 சதவீதம். ஆக, பலன் 25 சதவீதப் புள்ளி. 150 வாங்கிய பிள்ளையையும் 50 வாங்கிய பிள்ளையையும் ஒப்பிட்டு வந்த எண் இது. அவர்கள் உதவித்தொகை இல்லாமலேயே வேறு வேறு பாதையில்தான் போயிருப்பார்கள். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

தவறான கோட்டில் நிற்பது

இது நானே செய்த தவறு. திட்ட விதிகளைப் படித்தால் குறைந்தபட்சத் தகுதி 40 சதவீதம் என்று இருக்கும். 180-இல் 40 சதவீதம் 72. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 32 சதவீதம். சரி, கோடு 72 என்று எடுத்து வரைபடம் போட்டேன். ஒரு தாவலும் இல்லை. உதவித்தொகையால் பலனே இல்லை என்று எழுதும் அளவுக்குப் போய்விட்டேன்.

72 என்பது தகுதி மட்டும்தான். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் உதவித்தொகை என்று எண்ணிக்கை கட்டுப்பட்டது. அது மாநிலங்களுக்குப் பிரிக்கப்பட்டு, மாநிலத்துக்குள் இட ஒதுக்கீட்டின்படி தரவரிசை போடப்படுகிறது. 72 வாங்கியவருக்கும் 71 வாங்கியவருக்கும் பணம் கிடைக்காமலே போகலாம். உண்மையான கோடு தரவரிசையின் கடைசி ஆள் நிற்கும் இடம். அது பிரிவுக்குப் பிரிவு, ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. படிப்பைப் பார்ப்பதற்கு முன்னால், மதிப்பெண்ணை கிடைமட்ட அச்சிலும் உதவித்தொகை பெற்றவர்களின் பங்கை செங்குத்து அச்சிலும் வைத்து ஒரு படம் போடுங்கள். அது எங்கே எழும்புகிறதோ அங்கேதான் கோடு. எழும்பவே இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

பிரிவுகளுக்குத் தனித்தனி கோடு இருப்பதால், ஒவ்வொருவர் மதிப்பெண்ணிலிருந்தும் அவரவர் பிரிவின் கட்-ஆஃபைக் கழிக்க வேண்டும். 104 கட்-ஆஃப் உள்ள பிரிவில் 104 வாங்கியவருக்கு 0, 88 கட்-ஆஃப் உள்ள பிரிவில் 87 வாங்கியவருக்கு -1. கழிக்காமல் எல்லாரையும் ஒரே அச்சில் போட்டால் தாவல்கள் அங்கங்கே சிதறி, கடைசியில் மழுங்கிய ஏற்றம் மட்டும் தெரியும்.

இன்னொரு சிறு சிக்கல், சம மதிப்பெண். 104-இலேயே முப்பது பேர் இருந்து இடம் பத்து பேருக்குத்தான் என்றால், வேறு ஏதோ விதியை வைத்துத்தான் பிரித்திருப்பார்கள். அந்த ஒரு மதிப்பெண்ணில் இருப்பவர்களை எல்லாம் ‘தேர்வானவர்’ என்று குறிக்காதீர்கள். அவர்களை விட்டுவிட்டும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிள்ளையைத் தேடும் இடம்

இந்தத் தவறைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை, ஆனால் எண்ணை இதைவிடக் கெடுப்பது வேறில்லை. இந்த உதவித்தொகை அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு. தனியார் பள்ளிக்கு மாறினால் பணம் போய்விடும். ஆகவே கோட்டுக்கு மேலே நிற்கும் பெற்றோருக்குப் பிள்ளையை அதே பள்ளியில் வைத்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. கீழே நிற்பவர்களுக்கு அந்தக் காரணம் இல்லை.

இப்போது, நான்கு ஆண்டு கழித்து அரசுப் பள்ளிப் பதிவேட்டை மட்டும் வைத்துத் தேடினால் என்ன ஆகும்? கோட்டுக்குச் சற்று மேலே 100 பேர். அதில் 95 பேர் பதிவேட்டில் இருக்கிறார்கள், 87 பேர் பிளஸ் டூ முடித்திருக்கிறார்கள். சற்றுக் கீழே 100 பேர். 85 பேர்தான் கிடைக்கிறார்கள், 76 பேர் முடித்திருக்கிறார்கள். கிடைக்காதவர்களை இடைநின்றவர்கள் என்று எடுத்துக்கொண்டால் பலன் 11 புள்ளி.

ஆனால் கீழே காணாமல் போன 15 பேரில் 10 பேர் தனியார் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருந்தால்? மேலே காணாமல் போன 5 பேரில் 3 பேர் அப்படி இருந்தால்? உண்மையான கணக்கு 90-க்கு 86. பலன் 4 புள்ளி. மீதி 7 புள்ளி பள்ளி மாறியதை இடைநிற்றல் என்று எண்ணியதால் வந்தது.

கிடைக்காதவர்களைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டாலும் சரியாகாது. தனியார் பள்ளிக்குப் போகக்கூடியவர்கள் கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கீழ்ப்பக்கத்திலிருந்து மட்டும் அதிகம் கழிந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ‘பதிவேட்டில் கிடைத்தாரா’ என்பதையே விளைவாக வைத்து முதலில் ஓர் ஆர்.டி. ஓட்டுங்கள். அதில் தாவல் இருந்தால், எல்லாப் பள்ளிகளையும் உள்ளடக்கிய பொதுத்தேர்வு முடிவுகளில் தேட வேண்டும்.

தேர்வானதும் பணம் வந்ததும் ஒன்றல்ல

பட்டியலில் பெயர் வந்தால் போதாது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும், வங்கிக் கணக்கு சரியாக இருக்க வேண்டும், அடுத்தடுத்த ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டும். கோட்டுக்கு மேலே 80 சதவீதம் பேருக்கே பணம் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம், கீழே யாருக்கும் இல்லை. உடனே தோன்றுவது, பணம் வராத 20 சதவீதத்தை நீக்கிவிடலாம் என்பது. கூடாது. விண்ணப்பத்தை முடிக்க முடியாத வீடுகள் பெரும்பாலும் இன்னும் நெருக்கடியில் இருக்கும் வீடுகள். அதே மாதிரி வீடுகள் கோட்டுக்குக் கீழேயும் இருக்கின்றன, அவற்றை நீங்கள் அடையாளம் கண்டு நீக்க முடியாது.

எல்லாரையும் வைத்துக்கொண்டு வகுக்க வேண்டும். விளைவில் தாவல் 4, பணம் பெறுவதில் தாவல் 0.8. நான்கை 0.8-ஆல் வகுத்தால் 5 புள்ளி. நான்கு என்பது தேர்வானதன் பலன், ஐந்து என்பது தேர்வானதால் பணம் பெற்றவர்களுக்குக் கிடைத்த பலன். எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

இந்த வகுத்தலுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: தேர்வானது பணத்தின் வழியாக மட்டுமே வேலை செய்கிறது என்பது. பள்ளி வாசலில் ஃபிளெக்ஸில் பிள்ளையின் படம் வந்து, ஆசிரியர் தனிக் கவனம் எடுத்து, அதனால் அவள் படிப்பைத் தொடர்ந்திருந்தால், பணம் வராதவளுக்கும் பலன் சேர்ந்திருக்கிறது. 1960 ஆய்வு அளந்ததே இப்படிப்பட்ட பொது அங்கீகாரத்தின் விளைவைத்தான். ஆகவே 4-ஐ முதன்மையாகச் சொல்லி, 5-ஐ அதன் பின்னால் வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

யாராவது கோட்டைத் தாண்ட வைத்தார்களா

இயந்திரம் திருத்தும் தாளில், கட்-ஆஃப் பின்னால்தான் தெரியும் என்ற நிலையில், இதற்கு வாய்ப்பு குறைவு. பத்தாம் வகுப்பு விடைத்தாளில் 35 என்ற கோடு அப்படியில்லை. கோடு முன்பே தெரியும், 33 வாங்கியவரைத் தூக்கிவிட ஒரு மனிதரின் கை இருக்கிறது. அங்கே 35-இல் கூட்டமாகவும் 33, 34-இல் வெறிச்சென்றும் இருந்தால், இரு பக்கத்தவரும் ஒரே மாதிரி என்ற அடிப்படையே போய்விடும். இதே உதவித்தொகையின் 3.5 லட்சம் ரூபாய் வருமான வரம்பைக் கோடாக எடுக்க நினைப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு கம்பி என்று ஹிஸ்டோகிராம் போட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஏழாம் வகுப்பு மதிப்பெண், தாயின் படிப்பு போன்ற முந்தைய விவரங்களிலும் கோட்டில் தாவல் இருக்கக் கூடாது.

வளைவும் அகலமும்

மூன்றாம் படி, நான்காம் படி பல்லுறுப்புக் கோவையை எல்லா மதிப்பெண்ணுக்கும் பொருத்தி, கோட்டில் வளைவு துள்ளுவதைப் பலன் என்று காட்டுவது முன்பு பரவலாக இருந்தது. 20 வாங்கியவரின் விவரம் 104-இல் வளைவை ஆட்டிவிடுகிறது. இதைச் செய்யாதீர்கள் என்று புள்ளியியலாளர் கெல்மனும் பொருளியலாளர் இம்பென்ஸும் 2019-இல் எழுதினார்கள். கோட்டுக்கு அருகில் மட்டும், இரு பக்கமும் தனித்தனி நேர்கோடு போதும். R மொழியில் எழுதினால் இவ்வளவுதான். இதில் `plus2` என்பது பிளஸ் டூ முடித்தாரா என்பது, `paid` என்பது பணம் வந்ததா என்பது.

```r
library(rdrobust)
library(rddensity)
d$x <- d$score - d$cutoff
summary(rddensity(d$x))
rdplot(d$plus2, d$x)
summary(rdrobust(d$plus2, d$x))
summary(rdrobust(d$plus2, d$x, fuzzy = d$paid))
```

மதிப்பெண் முழு எண்ணாக வருவதால், பக்கத்துக்கு 8 மதிப்பெண் எடுத்தால் உங்களிடம் இருப்பது 16 வெவ்வேறு மதிப்பெண்கள்தான், எத்தனை ஆயிரம் மாணவர் இருந்தாலும். இந்த அகலத்தை 6, 10, 15 என்று மாற்றிப் பாருங்கள். பலன் 4-இலிருந்து 1-க்கும் 9-க்கும் தாவினால் அதை மறைக்காமல் எழுதுங்கள். வெளியீட்டில் `Robust` என்ற வரியில் இருக்கும் நம்பிக்கை இடைவெளியைத்தான் எடுக்க வேண்டும். `Conventional` வரியின் இடைவெளி குறுகலாக இருப்பதால் பலர் அதை எடுத்துவிடுகிறார்கள்.

அப்புறம், கிடைத்த 4 என்ற பலன் 104-ஐ ஒட்டி நின்ற பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. கட்-ஆஃபை 80-ஆக இறக்கினாலும் இதே பலன் வரும் என்று இந்த எண் சொல்லவில்லை. 104 வாங்கும் பிள்ளை பணம் இல்லாவிட்டாலும் 86 சதவீதம் பிளஸ் டூ முடிக்கிறாள், அங்கே உயர இடமே குறைவு. பிரிவு வாரியாக 104, 88 என்று இரண்டு கோடுகள் இருப்பது இங்கே உதவும். இரண்டிலும் தனித்தனியாகத் தாவலைக் கணக்கிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். 88-இல் தாவல் பெரிதாக இருந்தால், மதிப்பெண் குறைவானதாலா அல்லது அந்தப் பிரிவுப் பிள்ளைகளின் வீட்டு நிலைமையாலா என்று இதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் இரண்டையும் கலந்து ஒரே சராசரியாகச் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.