ஜிமெயில் லேபிளும் தண்டர்பேர்டும்: ‘டூப்ளிகேட்’ என்று நினைத்து அழிக்காதீர்கள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் புடவைக் கடை நடத்தும் அக்கா ஒருவர் ஒரு நாள் மாலை பதறிப்போய் அழைத்தார். “தம்பி, சென்னைக்காரங்க அனுப்பின பில் ஒன்னையும் காணோம். இன்பாக்ஸ்லயும் இல்ல, லேபிள்லயும் இல்ல.” அது ஜூன் மாதம், வரிக் கணக்கு அனுப்பும் நேரம். வியாபாரக் கணக்குக்கான ஆவணங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு வரி விதி. அக்காவின் பில்களோ முழுக்க முழுக்க மின்னஞ்சலில்தான் இருந்தன.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கடைக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் நிரலைப் போட்டு அதில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்திருக்கிறார். ஒரே கடிதம் ஐந்தாறு ஃபோல்டரில் இருப்பதைப் பார்த்து, டூப்ளிகேட் நீக்கும் ஆட்-ஆன் ஒன்றைப் போட்டு, எல்லா ஃபோல்டரையும் தேர்ந்தெடுத்து ஓடவிட்டிருக்கிறார். நடந்தது மூன்று வாரத்துக்கு முன்பு.

ஜிமெயிலில் உண்மையில் ஃபோல்டர் கிடையாது. கடிதம் ஒரே இடத்தில் ஒரே பிரதியாகத்தான் இருக்கும். இன்பாக்ஸ் என்பதே அதன்மேல் ஒட்டிய ஒரு சீட்டு. நாம் போடும் லேபிளும் ஒரு சீட்டு, நட்சத்திரமும் ஒரு சீட்டு. தண்டர்பேர்ட் போன்ற நிரல்கள் ஜிமெயிலோடு பேசப் பயன்படுத்தும் ஐமேப் முறைக்கு இந்தச் சீட்டுக் கணக்கு புரியாது, அதற்குத் தெரிந்தது ஃபோல்டர் மட்டும்தான். அதனால் ஜிமெயில் ஒவ்வொரு சீட்டையும் ஒரு ஃபோல்டராகக் காட்டுகிறது. அக்காவுக்கு வந்த ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். அது இன்பாக்ஸில் இருக்கிறது, ‘பில்’, ‘சென்னை’ என்று இரண்டு லேபிள், ஒரு நட்சத்திரம். முக்கியமானது என்று ஜிமெயிலே ஒரு குறி போட்டிருக்கிறது. தண்டர்பேர்டில் இது ஐந்து ஃபோல்டரில் தெரியும். ஸ்பேம், குப்பை தவிர எல்லாக் கடிதமும் இருக்கும் `[Gmail]/All Mail` ஆறாவது. ஆறு இடத்தில் தெரிந்தாலும் கடிதம் ஒன்றுதான், ஜிமெயிலின் 15 ஜிபி இடத்திலும் ஒருமுறைதான் கணக்காகும்.

முதல் தவறு இங்கேதான், அந்த ஆறில் ஐந்தை ‘உபரி’ என்று நினைத்து அழிப்பது. தண்டர்பேர்டில் டிலீட் அழுத்தினால், வழக்கமான அமைப்பில் கடிதம் `[Gmail]/Trash` ஃபோல்டருக்குப் போகும். ஜிமெயிலில் ஒரு கடிதம் அங்கே போய்விட்டால் மற்ற எல்லா ஃபோல்டரிலிருந்தும் மறைந்துவிடும், ஏனென்றால் போனது பிரதி அல்ல, கடிதமே. ஆட்-ஆன் ஒன்றை மிச்சம் வைத்ததாகக் காட்டினாலும், அந்த ஒன்றும் குப்பையில் கிடப்பதன் நிழல்தான்.

நல்ல வேளை, குப்பைக்குப் போன கடிதத்தை ஜிமெயில் 30 நாள் வைத்திருக்கும், அதன் பிறகுதான் நிரந்தரமாக அழிக்கும். மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. முதலில் தண்டர்பேர்டை மூடச் சொன்னேன். அப்புறம் உலாவியில் ஜிமெயிலைத் திறந்து, குப்பைக்குள் போய், சென்னைக்காரர்களின் முகவரியைத் தேடி, வந்ததையெல்லாம் தேர்ந்தெடுத்து இன்பாக்ஸுக்கு நகர்த்தினோம். அக்கா குப்பையைக் காலி செய்யாமல் இருந்தது பெரிய விஷயம். காலி செய்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

உண்மையான டூப்ளிகேட்டும் உண்டு. பழைய அஞ்சல்களை வேறு கணக்கிலிருந்து இரண்டு முறை ஏற்றினால் அப்படி ஆகலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. தண்டர்பேர்டில் கடிதத்தைத் திறந்து Ctrl+U அழுத்தினால் அதன் மூல வடிவம் தெரியும். அதில் `Message-ID` என்ற வரியில் `<` `>` குறிகளுக்குள் உள்ளதை நகல் எடுத்து, உலாவியில் ஜிமெயிலின் தேடல் பெட்டியில் இப்படிப் போடுங்கள்:

```
rfc822msgid:இங்கே-அந்த-அடையாளம்
```

வந்த உரையாடலைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஒரு கடிதம்தான் இருந்தால், தண்டர்பேர்டில் எத்தனை இடத்தில் தெரிந்தாலும் அது டூப்ளிகேட் இல்லை. இரண்டு இருந்தால் மட்டுமே ஒன்றை அழிக்கலாம், அதையும் உலாவியில் இருந்தே அழிப்பது நல்லது.

சரி, இத்தனை ஃபோல்டர் கண்ணில் படாமல் இருக்க என்ன செய்வது? அழிக்க வேண்டாம், மறைத்தால் போதும். கணினி உலாவியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் Labels பக்கத்துக்குப் போங்கள். பெரும்பாலான லேபிள்களுக்கு எதிரே `Show in IMAP` என்று ஒரு கட்டம் இருக்கும். `Important`, `Starred` இரண்டுக்கும் டிக்கை எடுத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. தண்டர்பேர்டை மூடித் திறந்தால் அந்த ஃபோல்டர்கள் போயிருக்கும், கடிதங்கள் அப்படியே இருக்கும்.

இந்த இடத்தில் சிலர் உற்சாகத்தில் `Trash` கட்டத்தையும் எடுத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். குப்பை ஃபோல்டரைக் காணாவிட்டால் அஞ்சல் நிரல் தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளக்கூடும். ஜிமெயிலுக்கு அது இன்னொரு சாதாரண லேபிள்தான். நீங்கள் அழித்ததாக நினைத்த கடிதம் அந்த லேபிளோடு உள்ளேயே இருக்கும், 30 நாள் ஆனாலும் போகாது.

`All Mail` விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதை மறைத்தால் மிகப் பெரிய ஃபோல்டர் போய்விடும், தேடலில் ஒரே கடிதம் திரும்பத் திரும்ப வருவதும் குறையும். ஆனால் லேபிள் எதுவும் இல்லாமல் ஆர்க்கைவ் செய்த, அதாவது அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து மட்டும் எடுத்துவைத்த கடிதம் அந்த ஃபோல்டரில் மட்டும்தான் தெரியும், மறைத்தால் அதைத் தண்டர்பேர்டில் பார்க்க முடியாது. தண்டர்பேர்டின் ஆர்க்கைவ் பொத்தானும் ஜிமெயில் கணக்கில் வழக்கமாக அங்கேதான் கடிதத்தை அனுப்பும். ஆர்க்கைவ் பயன்படுத்துகிறவர்கள் அதை மறைக்காமல், கணினிக்கு இறங்காமல் மட்டும் செய்வதே என் விருப்பம். Account Settings-இல் `Synchronization & Storage` போய், Advanced அழுத்தி, அந்த ஃபோல்டருக்கு மட்டும் டிக்கை எடுத்தால் போதும். அக்கா ஆர்க்கைவ் செய்வதே இல்லை, எல்லாவற்றுக்கும் லேபிள் போடுகிறவர். அதனால் அவருக்கு மறைத்துவிட்டோம்.

காப்புப் பிரதி எடுக்கும்போது கணக்கு தலைகீழ். எல்லா லேபிள் ஃபோல்டரையும் இழுத்து `Local Folders`-இல் போட்டால், இதுவரை நிழலாக இருந்தவை கணினியில் நிஜப் பிரதிகளாகிவிடும். 3 எம்பி பில், மறைக்காத ஆறு ஃபோல்டரிலிருந்தும் போனால் 18 எம்பி. காப்புக்கு `All Mail` ஒன்றை மட்டும் நகல் எடுங்கள், நகர்த்தாதீர்கள். மறைத்திருந்தால் அன்றைக்கு மட்டும் மறுபடி காட்டச் செய்யலாம். பெரிய கணக்கு என்றால் ஒரே நாளில் முடிக்கவும் முயல வேண்டாம். ஐமேப் வழியாக ஒரு நாளில் 2,500 எம்பிக்கு மேல் இறக்கினால் ஜிமெயில் கணக்கைத் தற்காலிகமாகத் தடுத்துவிடலாம், 24 மணி நேரம் வரைகூட. கடைக்கு ஆர்டர் வரும் முகவரி என்றால் அந்த ஒரு நாள் கனக்கும்.

அக்காவுக்கு இப்போது தண்டர்பேர்டில் இன்பாக்ஸ், அவர் போட்ட லேபிள்கள், அனுப்பியவை, வரைவுகள், ஸ்பேம், குப்பை மட்டும் தெரிகின்றன. ‘பில்’, ‘சென்னை’ இரண்டிலும் ஒரே கடிதம் இன்னமும் தெரியத்தான் செய்கிறது. அதை அவர் தொடுவதில்லை.