பயண அட்டையில் பிடித்த தொகை சரிதானா? தினசரி உச்சவரம்பை வைத்துச் சரிபார்க்கும் முறை

ஒரு நாளில் எத்தனை முறை பயணம் செய்தாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்காத ஏற்பாட்டைத் தினசரி உச்சவரம்பு என்கிறோம். இந்த வரம்பு இருக்கும் ஊர்களில், ஒவ்வொரு பயணத்தின் கட்டணத்தையும் தனியாக ஒப்பிட்டால் கணக்கு நேராகாது. ஒரு நாளை முழுமையாக எடுத்துக்கொண்டு சரிபார்ப்பதே பொருத்தமான வழி.

1. நாள் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள்

போக்குவரத்துக் கணக்கில் நாள் நள்ளிரவில் மாற வேண்டும் என்பதில்லை. லண்டனின் ஆய்ஸ்டர் அட்டைக்கு அது அதிகாலை 4:30 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4:29 வரை நீள்கிறது. உங்கள் அட்டைக்கான நேரம் கட்டண விதிகளில் இருக்கும். பின்னிரவுப் பயணத்தை எந்த நாளில் சேர்ப்பது என்பதை அந்த நேரமே தீர்மானிக்கும்.

2. ரீசார்ஜ் வரலாற்றைத் தனியே எடுங்கள்

இணையத்தில் பணம் கட்டிய நேரமும், தொகை அட்டையில் ஏறிய நேரமும் வேறுபடலாம். இருப்பை அட்டையின் சில்லிலேயே வைத்திருக்கும் அமைப்புகளில், அட்டையை ஏதாவதொரு வாசிப்புக் கருவியில் தொட்ட பிறகே தொகை ஏறும். அதுவரை ‘நிலுவையில்’ என்றே காட்டும். கணக்கிடும்போது, தொகை அட்டையில் ஏறிய நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பயண வரலாற்றைத் தட்டிய நேரப்படி அடுக்குங்கள்

பேருந்துக் கருவிகளின் பதிவுகள் சில நேரங்களில் தாமதமாகவே மையக் கணினிக்கு வந்து சேரும் என்பதால், அன்றிரவே சரிபார்க்காமல் ஓரிரு நாள் பொறுப்பது நல்லது. சில அமைப்புகளில் நுழையும்போது பெரிய தொகையைப் பிடித்துவிட்டு, வெளியேறும்போது மீதியைத் திருப்பித் தருவார்கள். அங்கே ஒரு பயணத்துக்கு இரண்டு வரிகள் தெரியும். அவற்றை இரட்டைப் பிடித்தம் என்று எண்ணாமல், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து ஒரே தொகையாக எழுதுங்கள்.

4. கணக்கிடுங்கள்

```
தொடக்க இருப்பு + ரீசார்ஜ் - மொத்தப் பிடித்தம் = இறுதி இருப்பு
```

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உச்சவரம்பு 80, தொடக்க இருப்பு 150, நடுவில் ஏறிய ரீசார்ஜ் 100 என்று வைத்துக்கொள்வோம்.

| பயணம் | கட்டணம் | பிடிக்க வேண்டியது |
|---|---|---|
| காலை | 30 | 30 |
| முற்பகல் | 25 | 25 |
| மாலை | 20 | 20 |
| இரவு | 30 | 5 |
| பின்னிரவு 12:40 | 20 | 0 |

முதல் மூன்று பயணங்களில் 75 ஆகிவிட்டதால், நான்காவதற்கு வரம்பில் எஞ்சிய 5 மட்டுமே பிடிபடும். ஐந்தாவது பயணம் நள்ளிரவைத் தாண்டியிருந்தாலும், இந்த அமைப்பின் நாள் அதிகாலையில்தான் முடிகிறது என்றால் அதற்குப் பிடித்தம் இல்லை. ஆக 150 + 100 - 80 = 170 இருப்பு இருக்க வேண்டும்.

5. இருப்பு குறைந்தால் முடிவடையாத பயணத்தைத் தேடுங்கள்

வரலாற்றில் 110 மட்டுமே இருக்கிறது என்று கொள்வோம். மாலைப் பயணத்தின் வரியில் நுழைந்த நிலையம் இருக்கிறது. வெளியேறிய நிலையம் இல்லை. வெளியேறும்போது அட்டையைத் தட்டாவிட்டாலும், தட்டியதைக் கருவி பதிவு செய்யாவிட்டாலும் அதிகபட்சக் கட்டணம் பிடிபடும். இங்கே அது 60.

பலரும் இந்த இடத்தில், 20 பிடிக்க வேண்டியதற்கு 60 பிடித்துவிட்டார்கள், ஆகவே 40 திரும்ப வர வேண்டும் என்று கணக்கிட்டு நிறுத்திவிடுவார்கள். அது போதாது. லண்டனில் உள்ளது போல, முடிவடையாத பயணத்தின் அதிகபட்சக் கட்டணத்தை உச்சவரம்பில் சேர்க்காத விதி உங்கள் அமைப்பிலும் இருந்தால், கணினியின் பார்வையில் மாலை வரை சேர்ந்தது 55 மட்டுமே. எனவே இரவுப் பயணத்துக்கு 5-க்குப் பதிலாக 25 பிடித்திருக்கும். பின்னிரவுப் பயணத்துக்கு அப்போதும் ஒன்றும் பிடித்திருக்காது. மொத்தம் 30 + 25 + 60 + 25 = 140. பிடித்திருக்க வேண்டியதோ 80. ஆகவே உங்களுக்கு வர வேண்டியது 60. அதில் 20 பிழையே தெரியாத இரவுப் பயண வரியில் ஒளிந்திருக்கிறது.

6. கோரிக்கையை எழுதுங்கள்

பயண நாள், நுழைந்த நிலையமும் நேரமும், வெளியேறிய நிலையமும் ஏறத்தாழ நேரமும் ஆகியவற்றைக் கொடுத்து, அந்தப் பயணத்தை முடிவடைந்ததாகத் திருத்தி, அந்த நாள் முழுவதற்கும் உச்சவரம்பை மறுபடி கணக்கிடுமாறு கேளுங்கள். கோரிக்கை வைக்கக் கால வரம்பு உண்டா என்பதையும் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் அட்டையையும் கைப்பேசியையும் மாற்றி மாற்றித் தட்டியிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம். பெரும்பாலும் அவை இரண்டு தனி அட்டைகளாகவே கருதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வரம்பு தனித்தனியே ஓடும்.

திரும்ப வரும் தொகையும் ரீசார்ஜைப் போலவே கருவியில் தொட்ட பிறகே ஏறக்கூடும் என்பதால், ஒப்புதல் வந்ததும் அட்டையை ஒருமுறை பயன்படுத்திவிட்டு, அதன் பிறகு வரலாற்றில் 60 என்ற வரவு இருக்கிறதா என்று பாருங்கள்.