வாடகை உயர்வு எதன் மேல் என்று எழுதி வாங்குங்கள்

கும்பகோணமோ தஞ்சாவூரோ, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஆண்டு உயர்வு வரியில் 'வாடகைக்கு மட்டும், பராமரிப்புக்கு இல்லை' என்று பேனாவால் சேர்த்து, பக்கத்திலேயே இருவரும் கையெழுத்திடுங்கள். வாடகை 8,000, பராமரிப்பு 1,000 என்றால் 10 சதவீத உயர்வு 800 ரூபாய்தான். மொத்தத்துக்கும் போட்டால் 900. அடுத்த உயர்வு அந்தக் கூடுதலின் மேலும் ஏறும். அப்புறம், 11 மாத ஒப்பந்தத்தில் 'புதுப்பிக்கும்போது உயர்வு' என்றிருந்தால் 12-வது மாதமே கூடிவிடும். வீட்டுக்காரருக்கும் நமக்கும் நோட்டீஸ் காலம் ஒன்றேதானா என்றும் பாருங்கள். ஒத்தி வீட்டுக்கு மாத வாடகை கிடையாது, அதனால் இந்த உயர்வுக் கணக்கு பொருந்தாது. அங்கே நோட்டீஸ் காலமும் ஒத்திப் பணம் திரும்பும் தேதியும்தான் முக்கியம்.