வங்கி எஸ்எம்எஸ் உண்மையா, போலியா? லிங்க்கை அழுத்தாமலே கண்டுபிடிக்கும் முறை

எங்கள் வீட்டில் யாருக்கு வங்கியிலிருந்து மெசேஜ் வந்தாலும் முதலில் அது என் போனுக்குத்தான் ஃபார்வர்டு ஆகிறது. "இது நிஜமா பாரு" என்று அத்தை கேட்பார், சித்தப்பா கேட்பார். ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, நான் பார்க்கிற விதத்தையே எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. இந்திய வங்கிகளுக்கும் இந்திய சிம்முக்கும் மட்டுமே இது பொருந்தும்.

அத்தைக்கு வந்த ஒரு மெசேஜையே எடுத்துக்கொள்வோம். "உங்கள் கணக்கு இன்று இரவு முடக்கப்படும், உடனே பான் எண்ணைப் புதுப்பிக்கவும்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே ஒரு லிங்க். அதன் வால் பகுதியை மட்டும் `example` என்று மாற்றியிருக்கிறேன். அந்த முடிவோடு யாராலும் இணையப் பெயர் வாங்க முடியாது என்பதால், நீங்கள் தவறி அழுத்தினாலும் எங்கும் போகாது.

```
https://sbi.bank.in-kyc.example/pan
```

படி 1: நடந்ததைச் சொல்கிறதா, உங்களைச் செய்யச் சொல்கிறதா?

பணம் எடுத்தால், போட்டால் வங்கி அனுப்பும் அலர்ட் நடந்து முடிந்த ஒன்றைச் சொல்லும். கணக்கு எண்ணின் கடைசி சில இலக்கங்கள், தொகை, தேதி, யாருக்குப் போனது, ஒரு குறிப்பு எண். அநேகமாகக் கடைசியில் "இது நீங்கள் செய்யவில்லையா? இந்த எண்ணை அழையுங்கள்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு நீங்கள் எதுவும் செய்யாமல் போனைக் கீழே வைத்துவிடலாம்.

போலி மெசேஜுக்கு நீங்கள் ஏதாவது செய்தே ஆக வேண்டும், அதுவும் இன்றைக்கே. அத்தையின் மெசேஜில் கணக்கு எண்ணின் ஓர் இலக்கம்கூட இல்லை. "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று மட்டும் இருந்தது. ஆயிரம் பேருக்கு ஒரே வாசகத்தை அனுப்புகிறவனுக்கு உங்கள் எண் தெரியாது. ஆனால் எண் இருந்தால் நிஜம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தகவல் கசிந்திருந்தால் அதையும் போட்டு அனுப்புவார்கள்.

படி 2: அனுப்பியவர் பெயர்

வங்கி எஸ்எம்எஸ் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. `AT-SBIBNK-S` போல ஒரு தலைப்பிலிருந்து வரும். முதல் எழுத்து செய்தியைக் கொண்டுவந்த நிறுவனம் (ஏர்டெல் என்றால் A, ஜியோ என்றால் J), இரண்டாவது எழுத்து வட்டாரம். நடுவில் இருப்பதுதான் வங்கி பதிவு செய்த பெயர். கடைசி எழுத்து 2025-இல் வந்தது: பரிவர்த்தனைக்கு T, சேவைக்கு S, விளம்பரத்துக்கு P, அரசுக்கு G.

முதல் இரண்டு எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று `AT`, இன்று `JD` என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது வேறு பாதையில் வந்திருக்கிறது, அவ்வளவே. நடுப்பெயரில் சந்தேகம் இருந்தால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நடத்தும் `smsheader.trai.gov.in` தளத்தில் போட்டுப் பாருங்கள். எந்த நிறுவனம் பதிவு செய்த தலைப்பு என்று தெரியும்.

இந்தப் படியை ஒரு பக்கம் மட்டும்தான் நம்பலாம். சாதாரண மொபைல் எண், வெளிநாட்டு எண், மின்னஞ்சல் முகவரி, வாட்ஸ்அப்பில் வங்கியின் லோகோவை முகப்புப் படமாக வைத்த யாரோ, இவற்றிலிருந்து வந்தால் போலி என்று நிறுத்திவிடலாம். ஆனால் தலைப்பு சரியாக இருப்பதால் மட்டும் செய்தி நிஜமாகிவிடாது. தலைப்புகள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. அப்படி வரும் செய்தி, உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் நிஜ வங்கிச் செய்திகளுக்குக் கீழேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அடுத்த படியை விட்டுவிடக் கூடாது.

படி 3: லிங்க்கை வெட்டிப் படிப்பது

எல்லோரையும் தடுக்கி விழவைப்பது இந்த இடம்தான். அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

முதலில் லிங்க்கைத் தொடாமல், மெசேஜை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்து 'காப்பி' கொடுங்கள். போனில் இருக்கும் சாதாரண நோட்ஸ் ஆப்பில் ஒட்டுங்கள். லிங்க்கை ஆராய்ந்து சொல்லும் இணையதளங்களை நான் பயன்படுத்துவதில்லை. புதிதாக நேற்று தொடங்கிய மோசடித் தளத்தைப் பல நேரம் 'பாதுகாப்பானது' என்றே காட்டும். நோட்ஸ் ஆப் போதும். எஸ்எம்எஸ்ஸில் ஒரு வசதி உண்டு: கண்ணுக்குத் தெரியும் எழுத்துதான் உண்மையான முகவரி. மின்னஞ்சல்போல ஒன்றைக் காட்டி இன்னொன்றுக்கு அழைத்துப் போக முடியாது.

மெசேஜ் பெட்டியிலேயே ஏன் படிக்கக் கூடாது? பெட்டி குறுகலானது. நீளமான லிங்க் இரண்டு மூன்று வரிகளாக உடையும். அத்தையின் போனில் முதல் வரி சரியாக `https://sbi.bank.in-` என்ற இடத்தில் முடிந்திருந்தது. மீதி அடுத்த வரியில். கண் முதல் வரியோடு நின்றுவிட்டது.

இப்போது வெட்டுவோம். `https://` என்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் சாய்வுக் கோடு `/` எங்கே இருக்கிறதோ, அங்கே நிறுத்துங்கள். அதற்கு வலப்பக்கம் இருப்பதை எல்லாம் மறந்துவிடலாம். மீதி இருப்பது:

```
sbi.bank.in-kyc.example
```

இந்தப் பெயரை நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். ஆனால் உரிமை வலக்கடைசியில் இருக்கிறது. கடைசிப் பகுதியை வாங்கியவர், அதற்கு முன்னால் புள்ளி வைத்து என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இங்கே வாங்கப்பட்ட பெயர் `in-kyc.example`. முன்னால் உள்ள `sbi.bank` வெறும் அலங்காரம்.

இந்திய வங்கிகளைப் பொறுத்தவரை இந்தச் சோதனை இப்போது எளிதாகிவிட்டது. வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் `.bank.in` என்ற முடிவுக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. `sbi.bank.in`, `hdfc.bank.in` என்று இப்போது பார்ப்பது அதனால்தான். இந்த முடிவு வெளிச்சந்தையில் கிடைக்காது. ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் வங்கிகளுக்கு மட்டுமே பதிவு செய்து தருகிறது.

ஆகவே நான் பார்ப்பது `bank.in` என்பதன் இரண்டு பக்கங்களையும்தான். இடப்பக்கம் ஒரு புள்ளி இருக்க வேண்டும், அந்தப் புள்ளிக்கு முன்னால் உங்கள் வங்கியின் பெயர் இருக்க வேண்டும். வலப்பக்கம் `/` இருக்க வேண்டும், அல்லது அதோடு முகவரி முடிந்திருக்க வேண்டும். வேறு எது ஒட்டியிருந்தாலும் போலி. பின்வரும் மூன்றும் இந்தச் சோதனையில் விழுந்துவிடும்:

```
https://xyz-bank.in/
https://xyz.bank.in.verify.example/
https://xyz.bank.in@verify.example/
```

முதலாவதில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் கோடு. அப்படி ஒரு பெயரை யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். இரண்டாவதில் `bank.in`-க்குப் பிறகு புள்ளி போட்டுத் தொடர்கிறது. மூன்றாவது ரொம்பத் தந்திரமானது: `@` குறிக்கு முன்னால் இருப்பதை பிரவுசர் பயனர் பெயராக எடுத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் தளத்துக்குப் போய்விடும்.

எழுத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். `in` இருக்க வேண்டிய இடத்தில் `im` இருந்தால் சின்னத் திரையில் தெரியாது. நோட்ஸ் ஆப்பில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, பூட்டுச் சின்னமோ `https`-ஓ இருப்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, மோசடித் தளங்களிலும் பூட்டு இருக்கும்.

படி 4: வேறு வழியாகப் போய்ப் பார்ப்பது

லிங்க் சோதனையில் தேறினாலும் நான் அதை அழுத்துவதில்லை. வங்கி ஆப்பை நானே திறந்து பார்ப்பேன். கேஒய்சி நிஜமாகவே நிலுவையில் இருந்தால் அங்கே காட்டும், அல்லது கிளையில் கேட்கலாம். அழைக்க வேண்டும் என்றால் ஏடிஎம் கார்டின் பின்னால் அச்சிட்ட எண்ணை எடுங்கள். மெசேஜில் உள்ள எண்ணையோ கூகுள் தேடலில் வரும் எண்ணையோ அல்ல.

ஏற்கெனவே அழுத்திவிட்டால்

பக்கத்தைத் திறந்து எதுவும் தட்டச்சு செய்யாமல் மூடியிருந்தால் பெரும்பாலும் சேதமில்லை. பாஸ்வேர்டு, கார்டு எண், ஓடிபி எதையாவது கொடுத்திருந்தால் உடனே வங்கியை அழைத்து முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், `cybercrime.gov.in`-இல் புகார் பதியுங்கள். இதில் நிமிடங்கள் முக்கியம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பு நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, ரகசிய விவரத்தை நாமே கொடுத்துவிட்டிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டாம்.

`.apk` என்று முடியும் கோப்பை இறக்கி இன்ஸ்டால் செய்திருந்தால் கதையே வேறு. அந்த ஆப் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியை வெளியே அனுப்பக்கூடும். முதலில் போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக்கு வேறொரு போனிலிருந்து பேசுங்கள். பாஸ்வேர்டு மாற்றுவதும் வேறு கருவியில்தான்.

மெசேஜை உடனே அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் புகார் கொடுத்த பிறகு அழித்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: கமெண்டில் வந்த கேள்விகள்

"என் கிரெடிட் கார்டு தளம் `.bank.in` என்று முடியவில்லையே, போலியா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. எஸ்பிஐ கார்டு சட்டப்படி வங்கி அல்ல, வங்கிசாரா நிதி நிறுவனம். அதுபோன்றவற்றுக்கு `.bank.in` சோதனை பொருந்தாது. கார்டில் அல்லது ஸ்டேட்மென்ட்டில் அச்சிட்ட முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

சுருக்க லிங்க் பற்றி இன்னொருவர் கேட்டார். நிஜ நிறுவனங்களும் சில நேரம் சுருக்கி அனுப்புகின்றன. எஸ்எம்எஸ்ஸில் வைக்கும் லிங்க்கை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் டிராய் விதி இருக்கிறது. ஆனால் சுருக்கிய முகவரியை நம்மால் வெட்டிப் படிக்க முடியாது. எனவே அதை அப்படியே விட்டுவிட்டு நேராகப் படி 4.

மூன்றாவது, லிங்க்கே இல்லாத போலி. "உங்கள் கணக்கில் 20,000 ரூபாய் வரவு" என்று சாதாரண மொபைல் எண்ணிலிருந்து ஒரு மெசேஜ், பின்னாலேயே "தெரியாமல் போட்டுவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று ஓர் அழைப்பு. மெசேஜ் வந்தது வேறு, பணம் வந்தது வேறு. ஆப்பில் இருப்பைப் பாருங்கள். பணம் நிஜமாகவே வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம். "இதை என் வங்கியில் சொல்கிறேன், அவர்கள் வழியாக வரும்" என்று சொல்லிவிட்டு, வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.